தாத்தா பாட்டிக்கு வயது வித்தியாசம் ஐந்தா, ஆறா, பத்தா?

கேள்வி: "எங்க பாட்டி தாத்தாவை விட ஆறு வயசு சின்னவங்கன்னு சொல்றாங்க. பெரியப்பா அஞ்சுங்கிறார். ரெண்டு பேரோட பழைய வாக்காளர் அட்டையில பார்த்தா பத்து வருது (1-1-1995 அன்று தாத்தா 60, பாட்டி 50). வீட்டு நோட்டுல தாத்தா 'தாது வருஷம் தை', பாட்டி 'சித்திரபானு வருஷம் ஆவணி'ன்னு மட்டும் இருக்கு. இன்னொரு குழப்பம், பள்ளிச் சான்றிதழ்படி பெரியப்பா 10-10-1963, எங்க அப்பா 15-5-1964. ஏழே மாசத்துல எப்படி? கல்யாணத்தப்போ, தனுஷ்கோடி புயலப்போ யாருக்கு என்ன வயசுன்னு சரியா எழுதி வைக்கணும். ஊர் பரமக்குடி பக்கம்."

உங்கள் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 5 வருடம் 7 மாதம். அதனால் பாட்டி சொல்லும் ஆறும் சரி, பெரியப்பா சொல்லும் ஐந்தும் சரி. தவறு அட்டையில்தான். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் சான்றிதழில் உள்ள இரண்டு தேதிகளுமே பள்ளியில் சேர்க்கும்போது எழுதியவையாக இருக்கலாம். நிஜ இடைவெளி எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஐந்தும் ஆறும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்பதுதான் இந்தக் கணக்கின் மையம். முழுத் தேதிகள் தெரிந்த ஒரு தம்பதியை வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வரலாம். கணிதமேதை ராமானுஜன் பிறந்தது 22-12-1887. அவர் மனைவி ஜானகி பிறந்தது 21-3-1899. வருடத்தை மட்டும் கழித்தால் 12 வரும். ஆனால் அது சரியில்லை.

நான் எப்போதும் கழிப்பதில்லை, மூத்தவர் பிறந்த தேதியிலிருந்து முன்னோக்கி நடப்பேன். முதலில் முழு வருடங்களாகத் தாண்டவேண்டும். 22-12-1887இலிருந்து 11 வருடம் தாண்டினால் 22-12-1898. இன்னொரு வருடம் தாண்டினால் ஜானகியின் பிறந்த நாளைக் கடந்துவிடும், அதனால் 11 உடன் நிறுத்திக்கொள்கிறோம். அடுத்து மாதங்கள். இரண்டு மாதம் தாண்டினால் 22-2-1899. மூன்றாவது மாதம் 22-3-1899, அது ஒரு நாள் அதிகமாகிவிடும். ஆக இரண்டு மாதம். மிச்சம் நாட்கள். 1899 பிப்ரவரிக்கு 28 நாள், அதனால் பிப்ரவரி 22இலிருந்து மார்ச் 21 வரை 27 நாள். மொத்தம் 11 வருடம் 2 மாதம் 27 நாள். இப்படி முன்னோக்கி நடந்தால் 'கடன் வாங்கிக் கழிக்கும்போது' மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்ற தடுமாற்றம் வராது, எந்த மாதத்தில் நிற்கிறோமோ அந்த மாதத்தின் நாட்களைத்தான் எண்ணுகிறோம்.

இந்த இடைவெளி மாறவே மாறாது. ஆனால் 'அவருக்கு இத்தனை வயது, இவருக்கு இத்தனை வயது' என்று முழு எண்ணாகச் சொல்லும்போது வித்தியாசம் ஒரு வருடத்துக்குள்ளேயே இரண்டு முறை மாறும். பாருங்கள். 14-7-1909இல் திருமணம். ராமானுஜனுக்கு முந்தைய டிசம்பரில் 21 முடிந்திருந்தது, ஜானகிக்கு அந்த மார்ச்சில் 10 முடிந்திருந்தது. வித்தியாசம் 11. ராமானுஜன் 17-3-1914 அன்று சென்னையில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அன்று அவருக்கு 26, ஜானகிக்கு 14. வித்தியாசம் 12. நான்கு நாள் கழித்துக் கப்பல் கடலில் இருக்கும்போது ஜானகிக்கு 15 ஆகிவிட்டது, வித்தியாசம் மறுபடி 11. அவர் 27-3-1919 அன்று பம்பாயில் வந்து இறங்கியபோது 31, ஜானகிக்கு ஆறு நாள் முன்புதான் 20 முடிந்திருந்தது. 26-4-1920 அன்று அவர் காலமானபோது அவருக்கு 32, ஜானகிக்கு 21.

ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 22இலிருந்து மார்ச் 20 வரை இந்தத் தம்பதிக்கு வித்தியாசம் 12, மற்ற ஒன்பது மாதமும் 11. மூத்தவரின் பிறந்த நாள் வந்து, இளையவரின் பிறந்த நாள் வராத இடைக்காலத்தில் ஒன்று கூடும். அந்த இடைக்காலத்தின் நீளம், வித்தியாசத்தில் வருடம் போக மிச்சமிருக்கும் மாதங்களும் நாட்களும்தான். இங்கே 2 மாதம் 27 நாள். உங்கள் தாத்தா பாட்டிக்கு அது ஏழு மாதம், அதனால் வருடத்தில் பாதிக்கு மேல் ஆறு, மிச்சத்தில் ஐந்து. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ராமானுஜன் காலமானபோது வயது 33 என்று சிலர் எழுதுவது 1920இலிருந்து 1887ஐக் கழித்துவிட்டு நிறுத்திக்கொள்வதால்தான். பிறந்த நாள் டிசம்பர், இறந்தது ஏப்ரல், ஆகவே 32. பாரதியாரும் டிசம்பரில் பிறந்தவர், 11-12-1882. அவர் மறைந்தது 1921 செப்டம்பரில், வயது 38. அவருக்கும் 39 என்று எழுதிவிடுகிறார்கள். நிகழ்ச்சி நடந்த ஆண்டில் பிறந்த நாள் வந்துவிட்டதா என்பதை மட்டும் பார்த்துவிட்டால் இந்தத் தவறு வராது. வராவிட்டால் ஒன்று குறையுங்கள். ஜானகி அம்மாள் 13-4-1994 வரை இருந்தார். கணவருக்குப் பின் 74 வருடத்துக்கு வெறும் 13 நாள் குறைவாக வாழ்ந்திருக்கிறார், 95 வயது வரை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, உங்கள் வீட்டு நோட்டுக்கு வருவோம். அறுபது வருடப் பெயர்களில் தாது பத்தாவது, சித்திரபானு பதினாறாவது. கடந்த சுற்று பிரபவ 1927 சித்திரையில் தொடங்கியது. அதனால் வரிசை எண்ணோடு 1926ஐக் கூட்டினால் அந்த வருடம் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். தாது 1936, சித்திரபானு 1942. நீங்கள் இங்கேயே கழித்து ஆறு என்று வைத்திருப்பீர்கள். ஆனால் தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் பிறந்து அடுத்த ஏப்ரல் நடுவில் முடிகிறது. சித்திரையிலிருந்து கார்த்திகை வரை ஒரே ஆங்கில ஆண்டு. மார்கழி பாதியில் ஆண்டு மாறிவிடும். தை, மாசி, பங்குனி மூன்றும் முழுக்க அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். தாது வருடத்துத் தை என்றால் 1937 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி 12 வாக்கில் வரை. தாத்தா பிறந்தது 1936 இல்லை, 1937. குடும்பக் கணக்குகளில் நான் பார்த்த ஒரு வருடப் பிழைகளில் பாதிக்கு மேல் இந்தத் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுடையது.

சித்திரபானு ஆவணி என்பது 1942 ஆகஸ்ட் 17 வாக்கிலிருந்து செப்டம்பர் 16 வாக்கில் வரை. இப்போது இரண்டு ஓரங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா தை கடைசியிலும் பாட்டி ஆவணி முதலிலும் பிறந்திருந்தால் இடைவெளி 5 வருடம் 6 மாதம். தாத்தா தை முதல் நாளும் பாட்டி ஆவணி கடைசியிலும் என்றால் 5 வருடம் 8 மாதம். ஆகவே நடுவில் 5 வருடம் 7 மாதம், அதிகமாகப் போனால் ஒரு மாதம் முன்பின். தேதி தெரியாது என்பதற்காக ஒன்றும் தெரியாது என்று விட்டுவிட வேண்டாம். மாதம் தெரிந்தாலே பிழை எவ்வளவு என்று சொல்லிவிடலாம், அந்த எல்லையோடு எழுதி வைத்தால் பின்னால் வருபவர்கள் குழம்ப மாட்டார்கள்.

வருடப் பெயரில் உள்ள ஒரே ஆபத்து, அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவது. 1936இல் தொடங்கிய தாது 1996இலும் வந்தது. தாத்தா விஷயத்தில் குழப்பம் இல்லை, ஆனால் கொள்ளுத்தாத்தா, அவருக்கு அப்பா என்று மேலே போகும்போது எந்தச் சுற்று என்று தலைமுறையை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அதே திரும்புதல் இன்னொரு பக்கம் நமக்கு உதவி. அறுபது முடிந்து, பிறந்த அதே பெயருள்ள வருடத்தில், அதே மாதத்தில் அறுபதாம் கல்யாணம் செய்வார்கள். தாத்தாவுக்கு அது நடந்திருந்தால் 1997 தையில் நடந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டுடியோ ஆல்பத்தின் முதல் பக்கத்திலோ பத்திரிகையிலோ தேதி இருக்கும், தேடிப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம். சில வீடுகளில் 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி செய்வார்கள், அந்தப் படத்தையும் 'அறுபதாம் கல்யாணம்' என்று காட்டிவிடுவார்கள். பத்திரிகை கிடைத்தால் எது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

வாக்காளர் அட்டையில் ஏன் பத்து வந்தது? அந்த முதல் அட்டைகளில் பிறந்த தேதி கிடையாது, '1-1-1995 அன்று வயது' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சொன்ன வயது அப்படியே ஏறிவிட்டது. அன்று தாத்தாவுக்கு நிஜமாக 57 முடிந்திருந்தது, 58 பிறக்க ஒரு மாதம்கூட இல்லை அல்லது சற்றே அதிகம். பாட்டிக்கு 52. 'அறுபது இருக்கும்', 'அம்பது இருக்கும்' என்று சொல்லியிருக்கிறார்கள். வயது சரியாகத் தெரியாதவர்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்ணைச் சொல்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது எவ்வளவு நடந்திருக்கிறது என்று அளப்பதற்கே விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இங்கே தாத்தாவை மூன்று வருடம் கூட்டி, பாட்டியை இரண்டு வருடம் குறைத்திருக்கிறார்கள். இரண்டு பிழையும் எதிரெதிர்ப் பக்கம் போனதால் வித்தியாசத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டது, அன்றைய தேதியில் 5 என்பது 10 ஆகிவிட்டது. தனித்தனி வயதில் இரண்டு மூன்று வருடம் தவறினாலும் பரவாயில்லை என்று தோன்றும், வித்தியாசம் எடுக்கும்போதுதான் அது பெரிதாகத் தெரியும். அட்டையில் 60, 50, 45 என்று முழு எண்கள் இருந்தால் அவற்றைக் கழிக்கவே கழிக்காதீர்கள்.

கல்யாணத்தப்போது என்ன வயது என்பதற்கு முதலில் கல்யாணத் தேதி வேண்டும். நீங்கள் அதைச் சொல்லவில்லை. பத்திரிகை இல்லாவிட்டால் பாட்டியிடம் 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள், அவர் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார், அது பெரும்பாலும் பிசகும். அந்தச் சமயத்தில் ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். என் அத்தையிடம் வயது கேட்டால் கோபம்தான் வரும். 'உங்க கல்யாணத்துக்கு முன்னாடி ஊர்ல பெருசா என்ன நடந்துச்சு' என்று கேட்டேன், உடனே 'எட்டு கிரகம் ஒண்ணா சேருது, உலகம் அழியப் போகுதுன்னு ஊரே பயந்து கெடந்துச்சு. அது கழிஞ்சு மறு மாசம்தான் எனக்குக் கல்யாணம்' என்றார். அந்த அஷ்டகிரகச் சேர்க்கை 1962 பிப்ரவரி முதல் வாரம், தை மாதக் கடைசி. மறு மாதம் என்றால் 1962 மாசி. ஒரு பத்திரிகைகூட இல்லாமல் மாதம் வரை கிடைத்துவிட்டது.

உங்கள் பாட்டிக்கும் அதே கால வாக்கில்தான் கல்யாணம் நடந்திருக்கவேண்டும், முதல் பிள்ளை 1963 என்பதால். 1962 மாசி என்றே வைத்துக்கொண்டு போட்டுக் காட்டுகிறேன், உங்கள் மாதம் வேறானால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு அந்தத் தையில் 25 முடிந்துவிட்டது. பாட்டிக்கு முந்தைய ஆவணியில் 19 முடிந்தது. வித்தியாசம் 6. மணமேடையில் இருந்த வித்தியாசத்தைத்தான் பாட்டி வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். தையிலிருந்து ஆவணி வரை எந்த மாதத்தில் கல்யாணம் நடந்திருந்தாலும் ஆறுதான் வரும்.

பாட்டி 'எனக்கு இருபது நடந்துட்டு இருந்துச்சு' என்று சொன்னால் அதை 20 என்று எழுதிவிடாதீர்கள். இருபது நடக்கிறது என்றால் 19 முடிந்து இருபதாவது வருடம் ஓடுகிறது என்று பொருள். நம் வீடுகளில் 'நடக்குது', 'முடிஞ்சுது', 'பொறந்துருச்சு' என்று மூன்று விதமாகச் சொல்வார்கள். படிவத்தில் கேட்பது முடிந்த வயது. ஒருவருக்கு நடக்கிற வயதையும் மற்றவருக்கு முடிந்த வயதையும் எடுத்துக் கழித்தால் ஆறு ஏழாகிவிடும். அதனால் எண்ணைக் குறிக்கும்போது அவர் சொன்ன சொல்லையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

தனுஷ்கோடியை அழித்த புயல் 22-12-1964 இரவு கரையைத் தாக்கியது. அன்று தாத்தாவுக்கு 27 முடிந்து, 28க்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மாதம். பாட்டிக்கு 22. வித்தியாசம் 5. பெரியப்பா இந்தக் காலத்து நினைவை வைத்துச் சொல்கிறாரோ என்னவோ, எப்படியோ அவர் சொல்வதும் ஆவணிக்கும் தைக்கும் நடுவில் சரிதான்.

இனி அண்ணன் தம்பி கணக்கு. 10-10-1963க்கும் 15-5-1964க்கும் 7 மாதம் 5 நாள். ஒரு தாய்க்கு ஒரு பிரசவம் முடிந்து ஏழே மாதத்தில் இன்னொரு முழுப் பிரசவம் நடக்காது. ஆகவே குறைந்தது ஒரு தேதி தவறு, அது சந்தேகமே இல்லை. எந்தத் தேதி, எந்தப் பக்கம் தவறு என்பதுதான் கேள்வி.

அந்தத் தலைமுறையில் பிறந்த தேதி பெரும்பாலும் பள்ளியில் சேர்க்கும் நாளில்தான் பிறந்தது. பையனின் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. அப்புறம் ஜூன் முதல் தேதிக்கு ஐந்து முடிகிற மாதிரி ஒரு தேதியை எழுதிக்கொள்வார்கள். ஏப்ரல், மே, ஜூனில் பிறந்தவர்கள் அந்தத் தலைமுறைச் சான்றிதழ்களில் மலிந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். உங்கள் அப்பாவின் 15-5-1964 எனக்கு அப்படித்தான் தெரிகிறது. 1969 ஜூனில் சேர்த்திருந்தால் அன்றைக்குச் சரியாக ஐந்து வயது முடிந்து இரண்டு வாரம். வயது கூடிப்போன பிள்ளைக்கு இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். பின்னால் அரசு வேலைக்கு வயது வரம்பு தாண்டிவிடக்கூடாது, ஓய்வுக்கு முன் நாலு மாதம் கூடக் கிடைக்கட்டும் என்று சில மாதங்களைக் குறைத்து எழுதுவார்கள். அண்ணனையும் தம்பியையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். மூத்தவனுக்குக் குறையும், இளையவனுக்குக் கூடும், நடுவிலுள்ள இடைவெளி சுருங்கிப்போகும். 'துணைக்கு இவனும் போகட்டும்' என்று சின்னவனையும் சேர்த்துவிட்ட வீடுகள் ஏராளம். பாட்டியிடம் இதைக் கேளுங்கள்: இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்தீர்களா, அது அறிஞர் அண்ணா காலமான வருஷமா, அடுத்த வருஷமா? அண்ணா மறைந்தது 3-2-1969, அந்தக் கோடைக்குப் பிறகு வந்த ஜூன் 1969. அந்தத் தலைமுறைக்கு அது மறக்காத அடையாளம்.

நிஜ வயதைப் புயலே சொல்லும். எந்தத் தாயும் பிள்ளையின் பிறந்த தேதியை மறந்தாலும், ஒரு பெரிய இரவில் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்பதை மறப்பதில்லை. புயல் இரவில் இரண்டு பிள்ளைகளையும் எப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். 'சின்னவனுக்குக் கழுத்தே நிக்கல, துணியில சுத்தி நெஞ்சோட வச்சிருந்தேன், பெரியவன் நடந்தான்' என்று சொல்கிறாரா, 'சின்னவன் உக்காந்துட்டு இருந்தான், பெரியவன் அப்பத்தான் தத்தித் தத்தி நடக்கிறான்' என்று சொல்கிறாரா பாருங்கள். பிள்ளைக்குக் கழுத்து நிற்பது மூன்று நான்கு மாதத்தில். குப்புற விழுவது நான்கைந்து மாதத்தில். பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஆறு முதல் எட்டு மாதத்துக்குள். நடை ஒரு வயதை ஒட்டி, சில பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதம் தள்ளியும் வரும்.

சான்றிதழ் சரியென்றால் புயல் இரவில் உங்கள் அப்பாவுக்கு 7 மாதம், உட்காருகிற பிள்ளை. பெரியப்பாவுக்கு 1 வருடம் 2 மாதம், நடக்கத் தொடங்குகிற பிள்ளை. பாட்டி முதல் மாதிரி சொன்னால் அப்பாவின் தேதி தவறு. கழுத்து நிற்காத பிள்ளை என்றால் நான்கு மாதத்துக்கு மேல் இருக்காது, பிறந்தது 1964 ஆகஸ்ட் கடைசி அல்லது அதற்குப் பிறகு. 'புரட்டாசியில பொறந்தான்' என்று ஒரு சொல் கூடக் கிடைத்துவிட்டால் குரோதி வருடப் புரட்டாசி, அதாவது 1964 செப்டம்பர் 17க்கும் அக்டோபர் 16க்கும் நடுவில் என்று முடிந்துவிடும். பெரியவன் ஓடியாடி, இரண்டு சொல் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான் என்றால் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு வயது, பெரியப்பாவின் தேதியும் தவறு. மாசியில் பிறந்தவர் என்றால் சுபகிருது வருட மாசி, 1963 பிப்ரவரி, மார்ச். இடைவெளி ஒன்றரை வருடத்துக்கு மேல், ஏறத்தாழ 1 வருடம் 7 மாதம். அப்படிப் பார்த்தால் 1969 ஜூனில் பெரியப்பாவுக்கு 6 வருடம் 3 மாதம், அப்பாவுக்கு 4 வருடம் 8 மாதம். ஒருவருக்கு ஏழெட்டு மாதம் குறைத்தும் மற்றவருக்கு நான்கைந்து மாதம் கூட்டியும் எழுதினால்தான் இப்போது நீங்கள் வைத்திருக்கும் இரண்டு தேதிகளும் வரும். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதற்காகவே இதை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டி சொல்லவேண்டும், அதுவும் நீங்கள் விடையை எடுத்துக் கொடுக்காமல் அவராகச் சொல்லவேண்டும். 'அப்பாவுக்கு அப்போ கழுத்து நிக்கலையா பாட்டி' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்.

சான்றிதழ்த் தேதியை மாற்றக் கிளம்பாதீர்கள். ஓய்வூதியம், ஆதார், சொத்துப் பத்திரம் எல்லாம் அந்தத் தேதியில்தான் நிற்கின்றன. உங்கள் நோட்டில் மட்டும் ஆளுக்கு இரண்டு பத்தி போடுங்கள், ஒன்று பதிவில் உள்ள தேதி, இன்னொன்று வீட்டில் தெரிந்த தேதி. பக்கத்தில் 'பாட்டி சொன்னது, புயலை வைத்து' என்று எப்படித் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். ஒருவருடைய வயதைப் பதிவுத் தேதியிலும் மற்றவருடையதை வீட்டுத் தேதியிலும் எடுத்துக் கழிப்பதுதான் பிறகு நடக்கும் தவறு, இரண்டு பத்தி இருந்தால் அது கண்ணில் படும்.

கணினியில் எக்செலில் போட விரும்பினால் பிறந்த தேதியை A2இலும் நிகழ்ச்சித் தேதியை B2இலும் கொடுத்து இவற்றை எழுதலாம். முதலாவது முடிந்த வயது, இரண்டாவது மிச்ச மாதம்.

```
=DATEDIF(A2,B2,"Y")
=DATEDIF(A2,B2,"YM")
```

இரண்டு பேரின் இடைவெளி வேண்டுமானால் மூத்தவர் தேதியை A2இல் போடவேண்டும், மாற்றிப் போட்டால் பிழை காட்டும். மிச்ச நாட்களுக்கு "MD" என்று ஒன்று உண்டு, அது சில மாத முடிவுகளில் தவறான விடை தருகிறது, நாட்களைக் கையால் எண்ணுவதே நல்லது. தேதியை 1964-12-22 என்ற வடிவில் கொடுங்கள், 10-5 என்று போட்டால் அது மே 10ஆ அக்டோபர் 5ஆ என்று கணினி தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். எக்செல் 1900க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது. கொள்ளுத்தாத்தா கணக்குக்கு இரண்டு தேதிகளுக்கும் 400 ஆண்டு கூட்டிப் போட்டுவிடுங்கள். ஆங்கில நாட்காட்டி லீப் வருடங்கள் உட்பட 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்புவதால் விடை மாறாது. ராமானுஜன், ஜானகிக்கு 2287-12-22, 2299-03-21 என்று போட்டால் 11 வருடம் 2 மாதம் வரும்.

தாத்தா பாட்டி கணக்கில் மிச்சமிருக்கும் அந்த ஒரு மாதத் தடுமாற்றத்தையும் நீக்க வழி இருக்கிறது. இரண்டு பேருடைய நட்சத்திரமும் பாட்டிக்குத் தெரிந்திருக்கும், கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுதானே. ஒரு நட்சத்திரம் 27 நாளுக்கு ஒருமுறை திரும்புவதால் ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நாள்தான் வரும், சில மாதங்களில் முதல் வாக்கிலும் கடைசியிலுமாக இரண்டு நாள். 1937 தைக்கும் 1942 ஆவணிக்கும் பழைய பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லக்கூடிய ஜோசியர் யாரிடமாவது நட்சத்திரத்தைக் கொடுத்தால் தேதி கிடைத்துவிடும். பிறந்தது விடியற்காலையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில். இரவு இரண்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகத்தில் முந்தைய நாளின் கிழமை இருக்கும். அந்த ஒரு நாளையும் சரிசெய்துவிட்டால், வருடம், மாதம், நாள் மூன்றோடும் உங்கள் நோட்டில் எழுதிவிடலாம்.